அல்சூர் வீட்டுப் பின்வாசலுக்கு ஒரு புது நிலை

எங்கள் வீட்டுப் பின்கதவு மூடும்போது "டப்" என்று சத்தம் வரும். ஒரு வருஷமாக அது "தொம்" என்று மாறியிருந்தது. கூடவே கீல் பக்கம் நிலைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்து ஒரு சிட்டிகை மணல் தரையில் உதிரும். அம்மா தினமும் அதைக் கூட்டித் தள்ளிவிட்டு, "எறும்பு மண்ணு தோண்டுதுடா" என்பார். நானும் நம்பினேன். போன அக்டோபரில் நல்ல மழை பெய்த ஒரு நாள், கதவு பாதியில் சிக்கியது. சரி பார்ப்போம் என்று ஸ்க்ரூடிரைவரை நிலைக்காலின் அடியில் வைத்து அழுத்தினேன். கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. பெயிண்ட் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தது. உள்ளே கறையான் மண்.

பெங்களூர் அல்சூரில், ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி, தாத்தா கட்டிய வீடு. 9 அங்குலச் செங்கல் சுவர், மேலே கான்கிரீட் லிண்டல். சமையலறையிலிருந்து துணி துவைக்கும் இடத்துக்குப் போகும் வாசல் இது. மேலே சின்ன சன்ஷேடு இருந்தாலும் சாரல் அடிக்கும். கதவு மட்டும் தேக்கு, உயரம் 78 அங்குலம், அகலம் 33. அதில் ஒரு கீறல் கூட இல்லை. நிலை போய்விட்டது, கதவு இருக்கிறது. இதுதான் பிரச்சினை.

திருப்பத்தூர்ப் பக்கத்து மேஸ்திரி ஒருவர் இருபது வருஷமாக எங்கள் தெருவில் வேலை செய்கிறார். அவரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்த உடனே, "ஸ்டீல் நிலை வச்சிடலாம் சார். கறையானுக்கு டாட்டா" என்றார். எனக்கும் முதலில் அது சரியாகத்தான் பட்டது. ஆனால் ஸ்டீல் நிலை எப்படிப் போகும் என்பதற்கு வீட்டுக்குள்ளேயே ஒரு சாட்சி இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன் குளியலறைக்கு வைத்த ஸ்டீல் நிலை.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்டீல் நிலை என்று நாம் சொல்வது கெட்டி இரும்பு இல்லை. ஒன்றேகால் மில்லிமீட்டர் தகட்டை அழுத்தி மடித்து, கதவு உட்காரும் காடியோடு ஒரு தொட்டி மாதிரி செய்திருப்பார்கள். முதுகுப் பக்கம் திறந்திருக்கும். அந்தத் தொட்டிக்குள் கலவை நிரம்பி, சுவரோடு ஒன்றாக இறுகினால்தான் அதற்குப் பலம். நிரப்பாமல் விட்டால் கதவு மூடும்போது டின் டப்பா மாதிரி சத்தம் கேட்கும், நாளடைவில் கீல் இருக்கும் இடம் அசையத் தொடங்கும். எங்கள் குளியலறை நிலையை வைத்தவர் (இந்த மேஸ்திரி இல்லை) நிரப்பத்தான் செய்தார். ஆனால் இரண்டு காலுக்கும் நடுவில் குறுக்கு முட்டு எதுவும் கொடுக்காமல், அடியிலிருந்து தலை வரை ஒரே மூச்சில் தண்ணிக் கலவையை ஊற்றினார். கலவையின் கனம் தகட்டை வாசல் பக்கம் தள்ளிவிட்டது. நடு உயரத்தில் கால் 4 மி.மீ. வயிறு தள்ளி நிற்கிறது. அன்றிலிருந்து அந்தக் கதவு நடுவில் உரசும்.

மர நிலையாக இருந்தால் இழைப்புளியால் நாலு இழுப்பு இழுத்துச் சரி செய்திருக்கலாம். ஸ்டீலில் அது முடியாது. கதவைத்தான் இழைக்க வேண்டும். இழைத்தோம். இப்போது மேலேயும் கீழேயும் இடைவெளி, நடுவில் மட்டும் நெருக்கம். அது போக, குளியலறைத் தரையை ஆசிட் போட்டுக் கழுவும் பழக்கம் எங்கள் வீட்டில் உண்டு. சிமெண்ட் கலவை இரும்பைத் துருவிலிருந்து காக்கும், ஆனால் வெளிப்பக்கம் பெயிண்ட் மட்டும்தான் காவல். ஆசிட் பட்டுப் பட்டு அடி இரண்டு அங்குலம் பொருக்குப் பொருக்காக உரிந்துவிட்டது.

இதற்காக ஸ்டீல் நிலை மோசம் என்று சொல்ல வரவில்லை. புதிதாகச் சுவர் எழுப்பும்போது, முதலில் நிலையை நிறுத்தி, மூன்று இடத்தில் குறுக்கு முட்டு கொடுத்து, இரண்டு அடி சுவர் எழும்ப எழும்ப முதுகில் கலவையை அடைத்துக்கொண்டே போனால் அதைப் போல ஒரு நிலை கிடையாது. பெங்களூரில் இப்போது உள்சுவர் எல்லாம் 4 அங்குல சாலிட் பிளாக். அந்த ஒல்லிச் சுவரை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற மாதிரி ஸ்டீல் நிலை உட்காரும்போது சுவருக்கே அது பலம். புது வீடு கட்டும் நண்பனுக்குக் குளியலறைகளில் அதைத்தான் சொன்னேன், கீல் பெட்டிக்குப் பின்னால் மூடி இருக்கிறதா என்று பார்த்து வாங்கு என்பதோடு சேர்த்து. அந்த மூடி இல்லாவிட்டால் கலவை கீல் ஆணித் துளைக்குள் போய் இறுகிவிடும். அப்புறம் ஸ்க்ரூ ஏறாது.

என் பின்வாசல் கதை வேறு. சுவர் ஏற்கனவே நிற்கிறது. நிலையை உள்ளே நுழைத்த பிறகு முதுகுத் தொட்டியை அடைக்க ஓர் அங்குலச் சந்துதான் கிடைக்கும். அடியில் நிறைந்ததா, நடுவில் காலியாக நிற்கிறதா என்று கண்ணால் பார்க்க வழியில்லை. அதோடு ஸ்டீல் நிலை தயாராகக் கிடைக்கும் அளவுக்குத்தான் வரும், காடியும் கீல் இடமும் அதன் கணக்குப்படி. தாத்தாவின் தேக்குக் கதவின் கனமும் கீல் இடமும் அதோடு பொருந்தவில்லை. கதவை மாற்ற எனக்கு மனசில்லை. மேஸ்திரியிடம் இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் குளியலறை நிலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்ப மரம்தான் சார். ஆனா அடிக்காலுக்கு வழி பண்ணணும்" என்றார்.

மரம் வாங்க மைசூர் ரோடு டிம்பர் யார்டுக்கு ஆசாரி அண்ணனோடு போனேன். கோலார் தங்கவயல்காரர். கடைக்காரர் கன்னடத்தில் "ஹொன்னே இதெ, மத்தி இதெ, சால் இதெ" என்று அடுக்கினார். ஹொன்னே என்றால் நம் வேங்கை. மத்தி என்றால் கருமருது. சாலில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும், மலேசியா சால் என்று விற்பது நம் நாட்டுச் சால் மரம் கிடையாது. கறையான் வரலாறு உள்ள வாசலுக்கு வேங்கை போதும் என்றார் ஆசாரி. எனக்கு ஒரு சந்தேகம், இது வேங்கைதானா? அவர் உளியால் ஒரு சீவல் எடுத்து, டீ கிளாஸில் இருந்த தண்ணீரில் போட்டார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மஞ்சள் ஏறியது. சர்க்கரைக்கு வேங்கை டம்ளரில் தண்ணீர் குடிக்கிறவர்கள் வீட்டில் இதைப் பார்த்திருப்பீர்கள். "சாயம் விடுது பாருங்க. ஆனா இந்தச் சாயம் பின்னாடி சுவத்திலயும் வரும், சொல்லிட்டேன்" என்றார். அப்போது நான் அதைக் காதில் வாங்கவில்லை.

ஆசாரி தேர்ந்தெடுத்த விதம்தான் எனக்குப் பாடம். நீளத்தையோ நிறத்தையோ அவர் பார்க்கவே இல்லை. முனையைப் பார்த்து, எங்கே கெட்டியான நடு வைரம் முடிந்து ஓரத்து வெள்ளை மரம் தொடங்குகிறது என்று விரலால் கோடு போட்டார். வெள்ளை ஓரத்தைத்தான் கறையான் முதலில் தின்னும், வைரத்துக்கு அது லேசில் வராது. காலுக்கு எடுத்த இரண்டு துண்டிலும் வெள்ளை ஒரு நூல் கூட இல்லாமல் பார்த்துக்கொண்டார். 4 அங்குலத்துக்கு இரண்டரை அங்குலம், கால் இரண்டும் தலைக்கட்டையும் சேர்த்து ஒன்றேகால் கன அடிக்குள் முடிந்தது.

அளவுக் கணக்கு இப்படி. கதவு அகலம் 33 அங்குலம். இரண்டு பக்கமும் அரைக்கால் அங்குல இடைவெளி விட்டால் காடிக்குக் காடி முப்பத்து மூன்றேகால். காடி ஆழம் அரை அங்குலம் போக ஒவ்வொரு காலிலும் இரண்டு அங்குலம் மிச்சம். ஆக வெளி அகலம் முப்பத்தேழேகால். பழைய நிலையை எடுத்த பிறகு சுவர் வாய் மேலே 39, கீழே முப்பத்தொன்பதரை இருந்தது. ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய ஓர் அங்குலம் கிடைக்கும். கலவை அடைக்க அது சௌகரியமான அளவு. அரை அங்குலத்துக்குக் குறைந்தால் கலவை உள்ளே போகாமல் வாயிலேயே நின்றுவிடும்.

பழைய நிலையை எடுப்பதற்கு முன் மேஸ்திரி செய்த முதல் வேலை, லிண்டலுக்குக் கீழே பூச்சைத் தட்டிப் பார்த்தது. பழைய வீடுகளில் சில நேரம் லிண்டலே இருக்காது, அல்லது லிண்டலுக்கும் தலைக்கட்டைக்கும் நடுவில் இரண்டு வரி செங்கல் தலைக்கட்டை மேலேயே உட்கார்ந்திருக்கும். நிலையை உருவினால் செங்கல் தலையில்தான் விழும். எங்கள் லிண்டல் இரண்டு பக்கமும் அரை அடிக்கு மேல் சுவரில் ஏறி இருந்தது, நடுவில் கலவைதான். தைரியமாகக் காலை நடுவில் ரம்பத்தால் அறுத்து, கடப்பாரையால் நெம்பினார்.

அப்போதுதான் அந்த "தொம்" சத்தத்தின் காரணம் கையில் வந்தது. கீல் பக்கம் இரண்டு ஹோல்டுபாஸ்ட்தான், தாழ்ப்பாள் பக்கம் ஒன்று. ஹோல்டுபாஸ்ட் தெரியாதவர்களுக்கு: பட்டை இரும்புத் துண்டு, ஒரு முனை மடிந்து நிலையின் முதுகில் பிடிக்கும், நீளமான வால் சுவருக்குள் போகும், வால் முனை இரண்டாகப் பிளந்து மேலும் கீழுமாக விரிந்திருக்கும். அந்த விரிந்த வால்தான் உருவிக்கொண்டு வராமல் தடுப்பது. எங்கள் பழைய ஹோல்டுபாஸ்டில் வால் பிளக்கவே இல்லை. செங்கலுக்கு நடுவில் ஒரு சந்தில் சொருகி, செங்கல் ஜல்லியும் கைப்பிடிக் கலவையும் அடைத்திருக்கிறார்கள். மேல் ஹோல்டுபாஸ்டை நான் இரண்டு விரலால் இழுத்தேன். ஆடுகிற பால் பல் மாதிரி வந்துவிட்டது.

இது ஏன் முப்பது வருஷம் நின்றது, ஏன் பிறகு விட்டது என்று அன்று ராத்திரி ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். கதவு எடை சுமார் 25 கிலோ. அதன் பாரம் கீலிலிருந்து பாதி அகலம், அதாவது பதினாறரை அங்குலம் தள்ளி நிற்கிறது. மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் தூரம் 60 அங்குலம். 25 × 16.5 ÷ 60, ஏறக்குறைய 7 கிலோ. சும்மா தொங்கும்போது மேல் கீலை வெளியே இழுக்கும் விசை அவ்வளவுதான். அதற்கு ஒரு துணிக்கொடி ஆணி போதும். ஆனால் பின்பக்கத்துக் காற்று கதவை அறையும்போது நிலை முழுவதும் ஒரு குலுக்கு குலுங்கும், அது இந்த 7 கிலோவைப் போலப் பல மடங்கு. ஒவ்வொரு அறைக்கும் ஹோல்டுபாஸ்டைச் சுற்றியிருக்கும் கலவை மாவு மாதிரி உதிரும். அம்மா கூட்டிய மணல் அதுதான். பூச்சில் நிலையை ஒட்டி மெல்லிய நேர்க்கோடாக விரிசல் தெரிந்தால், அதுவும் கீல் பக்கம் மேலே அகலமாக இருந்தால், உள்ளே இதுதான் நடக்கிறது. அந்த விரிசல் வழியாகவும் கறையானும் தண்ணீரும் நுழைந்திருக்கலாம்.

புது ஹோல்டுபாஸ்ட் வாங்கப் போனால் கடையில் ஒல்லியான 9 அங்குலத் துண்டுகளைக் காட்டினார்கள். மத்தியப் பொதுப்பணித் துறை விவரக்குறிப்பில் 40 மி.மீ. அகலம், 5 மி.மீ. கனம், 40 செ.மீ. நீளம் கொண்ட பட்டை, அதைச் சுற்றி 30 × 10 × 15 செ.மீ. கான்கிரீட் கட்டி என்று போட்டிருக்கிறது. முழு 40 செ.மீ. போட்டால் பழைய சுவரில் ரொம்ப உடைக்க வேண்டி வரும். அதனால் அதே கனத்தில், மடித்தது போக சுவருக்குள் 10 அங்குலம் போகிற மாதிரி, வால் முனையைப் பிளந்து, ஒரு வெல்டிங் கடையில் ஆறு துண்டு செய்து வாங்கினேன். நீளத்தைக் குறைத்தாலும் கனத்தையும் கட்டியையும் குறைக்கவில்லை. கட்டிதான் முக்கியம் என்று மேஸ்திரியும் சொன்னார். இரும்பைப் பிடிப்பது செங்கல் இல்லை, அந்தக் கான்கிரீட் கட்டி. கட்டியைப் பிடிப்பதுதான் செங்கல்.

இப்போதெல்லாம் நிலையில் துளை போட்டு நீளமான ஃபாஸ்டனரை நேராகச் சுவரில் இறக்குவதும் உண்டு. சாலிட் பிளாக்கிலும் கான்கிரீட்டிலும் அது நன்றாகவே பிடிக்கும். எங்கள் செங்கலில் ஒரு இடத்தில் 10 மி.மீ. துளை போட்டுப் பார்த்தோம். செங்கல் பொடியாக வந்தது. அந்த யோசனையை அங்கேயே விட்டோம்.

ஹோல்டுபாஸ்டுக்காகச் சுவரில் வெட்டும் குழிகள் சமையலறைப் பக்கமாகத் திறந்து இருக்க வேண்டும், அப்போதுதான் ஹோல்டுபாஸ்ட் பூட்டிய நிலையை அறைக்குள்ளிருந்து நேராகத் தள்ளி உட்கார வைக்கலாம். ஒவ்வொன்றும் 12 அங்குல நீளம், 6 அங்குல உயரம், அரைச் செங்கல் ஆழம். ஒரு பக்கத்துக்கு மூன்று. மேல் குழி தலையிலிருந்து ஓரடிக்குள், கீழ்க் குழி தரையிலிருந்து ஓரடி, ஒன்று நடுவில். கீல் பக்கத்தில் மட்டும் ஒரு கவனம், ஹோல்டுபாஸ்ட் கீலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆனால் அதே இடத்தில் இருக்கக் கூடாது. போல்ட்டும் கீல் ஸ்க்ரூவும் மோதினால் இரண்டுமே கெடும். மூன்று நாலு அங்குலம் தள்ளி வைத்தோம்.

ஆசாரி வீட்டு மொட்டை மாடியிலேயே நிலையைக் கோத்தார். ஒன்றுக்குள் ஒன்று சொருகும் கழுந்தும் துளையும் அவ்வளவு இறுக்கம், பசை போடாமலே தூக்கலாம் போலிருந்தது. ஹோல்டுபாஸ்டை ஸ்க்ரூ போட்டு முடிக்காமல், 10 மி.மீ. போல்ட்டை நிலையின் முகத்திலிருந்து முதுகுக்கு ஊடுருவ விட்டு, பின்னால் நட்டு போட்டு முடுக்கினார். போல்ட் தலையை அரை அங்குலம் உள்ளே இறக்கி, மேலே அதே மரத்தில் வில்லை வைத்து அடைத்தார். வரி ஒத்துப்போகும்படி வில்லையைத் திருப்பி வைத்ததால், தேடினால்தான் தெரியும். சுவரைத் தொடும் முதுகுப் பக்கம் பூராவும் பிரைமர், அதற்கு மேல் தார் பெயிண்ட் இரண்டு கை.

அடிக்கால்தான் பெரிய யோசனை. பழைய வழக்கம், காலை ஒன்றரை அங்குலம் தரைக்குள் புதைப்பது. ஆட்டம் இருக்காது. ஆனால் மரத்தின் முனை தண்ணீரை உறிஞ்சும் வேகம் பக்கவாட்டைப் போல இல்லை, பல மடங்கு. கழுவுகிற தண்ணீர் எல்லாம் அதற்குள்தான். எங்கள் பழைய கால் உளுத்ததும் அங்கிருந்துதான். இந்த முறை காலை இரண்டு அங்குலம் குட்டையாக வெட்டி, கீழே கறுப்பு கிரானைட் துண்டு ஒன்று வைத்தோம். கிரானைட்டிலும் காடி தொடர வேண்டும், இல்லாவிட்டால் கதவுக்கு அடியில் காற்றும் பல்லியும் வரும். மேஸ்திரி கிரைண்டரில் அதே அளவுக்கு அந்த மூலையை வெட்டி எடுத்தார். கால் நகராமல் இருக்க 10 மி.மீ. கம்பித் துண்டு ஒன்று, பாதி கிரானைட்டுக்குள், பாதி மரத்துக்குள், இரண்டிலும் எபாக்சி. மரத்தின் அடி முனையிலும் எபாக்சியைத் தடவி அடைத்துவிட்டோம். சுவர் ஓரத்தில் தரையைத் துளையிட்டுக் கறையான் மருந்து ஊற்றுவது முந்தின நாளே முடிந்திருந்தது.

நிறுத்தும் நாள் காலையில் அம்மா தலைக்கட்டைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டினார். "பின்வாசலுக்கு எதுக்கும்மா?" என்றேன். "அதுவும் வாசல்தானே" என்றார். ஆசாரி வெற்றிலை பாக்கோடு தட்சிணை வாங்கிக்கொண்டார். மேஸ்திரிக்கும் கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. நல்லவேளை அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

மூன்று பக்க நிலைக்கு அடியில் கட்டை கிடையாது, கால் இரண்டும் இஷ்டத்துக்கு விரியும். அதனால் தலையில் இருக்கும் அதே அகலத்துக்கு ஒரு மெல்லிய ரீப்பர் கட்டையை அடியில் ஆணி அடித்து, இன்னொன்றைத் தாழ்ப்பாள் உயரத்தில் குறுக்கே முட்டாகக் கொடுத்தோம். குளியலறையில் விட்டது இந்த நடு முட்டுதான். ஆப்புகளைத் தலை மூலைகளிலும் ஹோல்டுபாஸ்ட் பக்கத்திலும் மட்டும் அடித்தோம். நடு வெளியில் ஆப்பு அடித்தால் கால் உள்ளே வளையும்.

தூக்குக்குண்டு இரண்டு முகத்துக்கும் சரி. மூலைக்கு மூலை அளவும் சரி. ஆனால் தூக்குக்குண்டில் கண்ணுக்குத் தப்பும் சின்னச் சாய்விலும் நிலை முறுக்கிக்கொண்டு நிற்கலாம், ஒரு கால் லேசாக அறைப் பக்கம் சாய்ந்து, மற்றது வெளிப் பக்கம் சாய்ந்து என்று. கதவு போட்ட பிறகுதான் தெரியும், மேலே காடியைத் தொடும், கீழே தொடாது. இதைப் பிடிக்க ஆசாரியின் வழி நூல். ஒரு மேல் மூலையிலிருந்து எதிர்க் கீழ் மூலைக்கு ஒரு நூல், அதேபோல இன்னொன்று. நடுவில் இரண்டும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் போக வேண்டும். பிறகு மேல் நூலைக் கீழாக மாற்றிக் கட்டிப் பார்க்க வேண்டும், அப்போதும் அப்படியே இருந்தால் நிலை ஒரே தளத்தில் இருக்கிறது. நடுவில் 2 மி.மீ. இடைவெளி தெரிந்தால் ஏதோ ஒரு மூலை 4 மி.மீ. விலகியிருக்கிறது என்று அர்த்தம், ஏனென்றால் மூலை நகரும் தூரத்தில் பாதிதான் நூலின் நடுவில் தெரியும். நாங்கள் பார்த்தபோது நூல் இரண்டும் முத்தமிட்டுக்கொண்டிருந்தன.

கான்கிரீட், சிமெண்ட் மணல் ஜல்லி 1:2:4 கணக்கில், சின்னச் சிப்ஸ் ஜல்லியோடு. ஆறு குழிக்கும் சேர்த்து சுமார் 32 லிட்டர், சிமெண்ட் சுமார் 10 கிலோ பிடித்தது. குழிகளைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, பொடியை ஊதி எடுத்து, செங்கல் தண்ணீரைக் குடித்து ஓயும்வரை நனைத்தோம். காய்ந்த செங்கல் கான்கிரீட்டின் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் கட்டி வெளியே கெட்டியாகத் தெரியும், செங்கலை ஒட்டிய பக்கம் பொடியாக நிற்கும். பழைய நிலைக்கு அதுவும் நடந்திருக்கலாம். கலவையைத் தண்ணீர் விட்டு இளக்காமல், கையால் பிடித்தால் உருண்டையாக நிற்கிற பதத்தில், கம்பியால் குத்திக் குத்தி அடைத்தார் மேஸ்திரி.

கீல் பக்கம் மூன்றும் முடிந்தது. தாழ்ப்பாள் பக்கம் கீழ்க் குழியும் முடிந்தது. சும்மா ஒரு எண்ணத்தில் நூலை மறுபடி கட்டிப் பார்த்தேன். நடுவில் இரண்டு நூலுக்கும் இடையே ஒரு தீக்குச்சி நுழைந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. மேஸ்திரி, "அப்பவே சரியாத்தானே இருந்துச்சு" என்றார். இருந்ததுதான். கம்பியால் குத்தும்போது கான்கிரீட் ஹோல்டுபாஸ்டை வெளிப்பக்கமாகத் தள்ளியிருக்கிறது, அதோடு காலும் நகர்ந்திருக்கிறது. அடி ரீப்பர் அகலத்தைத்தான் காக்கும், முன்னும் பின்னும் போவதைத் தடுக்காது. கிரானைட்டையும் அன்றுதான் கலவையில் உட்கார வைத்திருந்தோம், அதுவும் சேர்ந்து நகர்ந்துவிட்டது.

கான்கிரீட் போட்டு இருபது நிமிஷம்கூட ஆகவில்லை என்பதால் பிழைத்தோம். ஆப்பைத் தளர்த்தி, கால் மேல் ஒரு பலகையை வைத்துச் சுத்தியலால் லேசாகத் தட்டி உள்ளே கொண்டுவந்து, நூல் தொட்டதும் ஆப்பை இறுக்கி, அந்தக் குழியை மறுபடி குத்தி அடைத்தார். வெளிப்பக்கம் தரையில் ஒரு கல்லை வைத்து அடிக்காலுக்கு முட்டும் கொடுத்தோம். பிறகு ஒவ்வொரு குழிக்கும் நூல் பார்த்தோம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால் அந்த 4 மி.மீ. எங்களோடு நிரந்தரமாகக் குடியிருந்திருக்கும்.

மறுநாள் பக்கச் சந்துகளில் 1:4 கலவையும் கல் சில்லும் அடைத்தோம். மர ஆப்புகளை ஒவ்வொன்றாக உருவி, அந்த இடத்தையும் அடைத்தோம். ஆப்பை உள்ளேயே விட்டுப் பூசுகிறவர்கள் உண்டு. அது கறையானுக்கு வைக்கும் முதல் விருந்து. ஈரச் சாக்கைக் குழிகள் மேல் தொங்கவிட்டு ஒரு வாரம் தண்ணீர் தெளித்தது அம்மாவின் பொறுப்பு. அடி ரீப்பரையும் நடு முட்டையும் நாலாம் நாள் எடுத்தோம். கதவை எட்டாம் நாள்தான் மாட்டினோம். அதுவரை பின்வாசலை ஒரு பிளைவுட் பலகையும் மேஸ்திரியின் பழைய பூட்டும் காத்தன. ஆசாரி மூன்றாம் நாளே கதவோடு வந்து நின்றார், அவருக்கு ஒயிட்ஃபீல்டில் வேலை. திருப்பி அனுப்பியதில் கொஞ்சம் கோபம்.

கதவு மாட்டியதும் மேலே தாழ்ப்பாள் பக்கம் ஒரு நூல் அளவு நெருக்கம். ஆசாரி இழைப்புளியை இரண்டு முறை ஓட்டினார், முடிந்தது. அந்தச் சுருளைக் கையில் எடுத்துக் குளியலறைப் பக்கம் நீட்டி, "அங்க இது முடியுமா சார்?" என்றார்.

ஜூனில் முதல் சாரல் மழை அடித்து ஓய்ந்த மறுநாள், இடது கால் ஓரத்தில், வெள்ளைப் பூச்சின் மேல், ஒரு விரல் நீளத்துக்கு மஞ்சள் கறை. நான் கறையான் என்று பயந்து ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்து குத்திப் பார்த்தேன். முனை உள்ளே போகவே இல்லை. தார் பெயிண்ட் ஒரு இடத்தில் விட்டுப்போயிருக்கிறது, அங்கே ஈரம் பட்டு மரம் சாயம் விட்டிருக்கிறது. படம் எடுத்து ஆசாரிக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "டிம்பர் யார்டுல வேங்கைதானான்னு கேட்டீங்களே சார். இப்ப நம்புறீங்களா?"

அந்த இடத்துச் சந்தைக் கீறி, காய விட்டு, சீலண்ட் அடைத்து, மேலே ஒரு கை பிரைமர் அடித்திருக்கிறேன்.